உம்மும்மா 'லவ்லி'யாக ஓதினாரா?

சென்ற வருடம் தரம் பத்து மாணவி ஒருவர் தன் உம்மும்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதித் தந்தார். உம்மும்மா மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. நான் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை. என் கையில் சிவப்புப் பேனை இருந்தது. ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் கோடு கிழித்தேன். நான்குமே 'லி' என்று முடியும் சொற்கள்.

அவர் எழுதியதைத் தமிழ் எழுத்தில் அப்படியே தருகிறேன். 'ஷீ டோக்ட் பிரெண்ட்லி டு எவ்ரிவன்.' எல்லோரோடும் அன்பாகக் கதைப்பார் என்று சொல்ல வந்திருக்கிறார். 'ஷீ ரிசைட்டட் த குர்ஆன் லவ்லி.' அழகாகக் குர்ஆன் ஓதுவார். 'ஷீ லைவ்ட் லோன்லி.' தனியாக வாழ்ந்தார். 'ஷீ லுக்ட் லவ்லி இன் வைட்.' வெள்ளை உடுப்பில் அழகாக இருப்பார்.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அவர் என்னிடம் வந்தார். "டீச்சர், பிழையெண்டு வெட்டிட்டீங்க. அப்ப சரியா எப்பிடி எழுதுற?" என்றார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. 'பிரெண்ட்லி' என்பது பெயரடை, அது வினையடையாக வராது என்று சொல்லலாம். அதைத்தான் சிவப்புக் கோடு ஏற்கனவே சொல்லிவிட்டதே. அவர் கேட்டது வேறு. தன் உம்மும்மா எல்லோரோடும் அன்பாகக் கதைத்தார் என்பதை எந்தச் சொற்களில் சொல்வது என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு நான் உட்கார்ந்து யோசித்ததும், பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தக் கட்டுரையைத் திருத்தியதும்தான் இங்கே எழுதப்படுகிறது.

முதலில், இந்தப் பிழை ஏன் வருகிறது? நாங்கள்தான் கற்றுக்கொடுக்கிறோம். 'குயிக்' என்றால் விரைவான, 'குயிக்லி' என்றால் விரைவாக. 'ஸ்லோ' என்றால் மெதுவான, 'ஸ்லோலி' என்றால் மெதுவாக. கரும்பலகையில் இப்படி இரண்டு வரிசை எழுதிவிட்டு, தமிழில் 'ஆன' என்பது ஆங்கிலத்தில் வெறும் சொல், தமிழில் 'ஆக' என்பது ஆங்கிலத்தில் 'லி' என்று ஒரு சமன்பாட்டைப் பிள்ளையின் மனதில் பதித்துவிடுகிறோம். பெயரை விளக்குவது பெயரடை, வினையை விளக்குவது வினையடை. அழகான பெண் என்பதில் 'அழகான' பெயரடை. அழகாக ஓதினார் என்பதில் 'அழகாக' வினையடை. தமிழில் இது பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடிய மாற்றம். அன்பான என்றால் அன்பாக, அமைதியான என்றால் அமைதியாக. சிக்கலே இல்லை.

பிள்ளை 'பிரெண்ட்லி' என்ற சொல்லைப் பார்க்கிறது. கடைசியில் 'லி' இருக்கிறது. ஆகவே இது 'அன்பாக' என்று முடிவு செய்கிறது. அதன் தர்க்கத்தில் பிழையே இல்லை. நாங்கள் கொடுத்த விதியில்தான் பாதி விடுபட்டிருக்கிறது.

விடுபட்ட பாதி இதுதான்: ஆங்கிலத்தில் 'லி' இரண்டு வேலை செய்கிறது. ஒரு பெயரடையோடு சேர்ந்தால் அது வினையடையை உண்டாக்கும். 'குயிக்' பெயரடை, 'குயிக்லி' வினையடை. ஆனால் ஒரு பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் அது பெயரடையைத்தான் உண்டாக்கும். 'பிரெண்ட்' என்பது பெயர்ச்சொல், நண்பர். 'பிரெண்ட்லி' என்றால் நண்பரைப் போன்ற, தோழமையான. 'லவ்' அன்பு, 'லவ்லி' அழகிய, இனிய. 'மதர்' தாய், 'மதர்லி' தாயைப் போன்ற. 'கவர்ட்' கோழை, 'கவர்ட்லி' கோழைத்தனமான. கடைக்குப் போனால் பெற்றோர்கள் அடிக்கடி சொல்லும் 'கொஸ்ட்லி'யும் இந்தக் கூட்டம்தான். 'கொஸ்ட்' என்பது செலவு, பெயர்ச்சொல். ஆகவே 'கொஸ்ட்லி' என்றால் விலை கூடிய. 'விலை கூடக் கொடுத்து வாங்கினேன்' என்ற பொருளில் அதை வினையோடு ஒட்ட முடியாது.

ஆகவே ஒரு சொல்லைக் கண்டதும் 'லி'யைக் கையால் மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது 'குயிக்', 'அங்ரி' போன்ற பெயரடையா, 'பிரெண்ட்', 'கொஸ்ட்' போன்ற பெயரா என்று கேளுங்கள். பெயர் மிஞ்சினால் கவனமாக இருங்கள். 'பார்ட்லி' போல ஓரிரு விலக்குகள் உண்டு: பெயரிலிருந்து பிறந்தும் அது வினையடைதான். மறுபக்கத்தில் 'லோன்லி', 'டெட்லி', 'சிக்லி' போன்றவை பெயரடையிலிருந்து பிறந்தும் பெயரடையாகவே நிற்பவை. 'சில்லி'யில் உள்ள 'லி' தனியே சேர்த்த ஈறே அல்ல, சொல்லின் உடம்பிலேயே இருப்பது. இவற்றுக்கெல்லாம் இன்னொரு சோதனை இருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள். 'பிரெண்ட்லியர்', 'லவ்லியர்', 'லோன்லியர்' என்று கடைசியில் 'யர்' சேர்க்க முடிந்தால் அது பெயரடை. 'குயிக்லி'யை அப்படிச் செய்ய முடியாது; 'மோர் குயிக்லி' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரே ஈறு ஏன் இரண்டு வேலை செய்ய வேண்டும்? இதைத் தேடிப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த மாணவி மீது கொஞ்சம் மரியாதை கூடியது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றொரு சொல் இருந்தது. உடல், உருவம் என்று பொருள். அதுவே ஈறாகிப் பெயர்களோடு ஒட்டியது. நண்பனின் உருவைக் கொண்டது, நண்பனைப் போன்றது என்ற கருத்தில் 'பிரெண்ட்லி'யின் பழைய வடிவம் பிறந்தது. 'போன்ற' என்ற பொருளில் இன்று நாம் சொல்லும் 'லைக்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் பெயரடையை வினையடையாக மாற்ற அவர்கள் ஓர் எளிய வழி வைத்திருந்தார்கள். கடைசியில் ஓர் 'எ' ஒலியைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். 'லீச்' என்றால் பெயரடை, 'லீச்செ' என்றால் வினையடை. எங்கள் 'ஆன', 'ஆக' மாதிரியே தெளிவான இரண்டு வடிவங்கள்.

பிறகு ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் இருந்த அந்த மெல்லிய 'எ' பேச்சில் தேய்ந்து மறைந்தது. 'ச்' ஒலியும் போயிற்று. இரண்டு ஈறுகளும் தேய்ந்து ஒரே 'லி'யாக நின்றன. அதாவது, தோழமையாகக் கதைத்தார் என்பதை இந்த ஒரே சொல்லால் சொல்ல ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயருக்கு முடிந்திருக்கிறது. என் மாணவி காலம் தாழ்ந்து பிறந்துவிட்டார். ஜெர்மன் மொழியில் இதே சொல்லின் உறவான 'ஃபிராய்ன்ட்லிஷ்' இன்றும் பெயரடையாகவும் வினையடையாகவும் அப்படியே வருகிறது. ஆங்கிலம் மட்டும் 'பிரெண்ட்லி'யைப் பெயரின் பக்கமே விட்டுவிட்டது.

சரி, பெயரடைதானே, இன்னொரு 'லி'யைச் சேர்த்துவிட்டால் என்ன? இந்தக் கேள்வி எனக்கு வருமுன் மாணவிக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் நான் விளக்கம் சொல்லத் தொடங்கியதும், நூலகத்தில் பார்த்து எழுதிவந்த ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். "அகராதியில இருக்கு டீச்சர். 'பிரெண்ட்லிலி'."

இருக்கிறது, உண்மைதான். பெரிய அகராதிகளில் 'பிரெண்ட்லிலி' உண்டு, 'லவ்லிலி' உண்டு, 'சில்லிலி' கூட உண்டு. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் லேடி மெக்பெத் 'ஹோலிலி' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். ஆகவே இவற்றை உருவாக்கவே முடியாது என்று நான் சொன்னால் அது பொய். நான் அவரிடம், "சத்தமாச் சொல்லிப் பாருங்க" என்றேன். சொன்னார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காரணம் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. 'லிலி' என்று ஒரே அசை அடுத்தடுத்து இரண்டு முறை வருவதை ஆங்கிலம் பேசுவோரின் நாக்கும் காதும் விரும்புவதில்லை. 'ஹெப்பி' என்பதை 'ஹெப்பிலி' ஆக்கலாம், 'அங்ரி' என்பதை 'அங்ரிலி' ஆக்கலாம். அவையும் இகரத்தில் முடிபவைதான். ஆனால் அங்கே 'பிலி', 'ரிலி' என்று அசைகள் வேறுபடுகின்றன. 'லி'யில் முடியும் சொல்லில் மட்டும்தான் தடுக்கிறது. இலக்கணம் கதவைப் பூட்டவில்லை. யாரும் அந்தக் கதவால் போவதில்லை. அகராதியில் இருக்கும் சொல்லெல்லாம் எழுதும் சொல் ஆகாது. பரீட்சையில் 'பிரெண்ட்லிலி' என்று எழுதினால், திருத்துபவர் அதை எழுத்துப் பிழை என்று நினைக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது கட்டுரைக்கு வருவோம். முதல் வாக்கியம், எல்லோரோடும் அன்பாகக் கதைத்தார். பாடநூல் தரும் வழி, 'இன் எ பிரெண்ட்லி வே' என்று சுற்றி எழுதுவது. தோழமையான விதத்தில் என்று பொருள். 'வே' ஒரு பெயர்ச்சொல். 'பிரெண்ட்லி' அந்தப் பெயரை விளக்குகிறது, தன் வேலையைத்தான் செய்கிறது. முழுத் தொடரும் சேர்ந்து வினையடையின் வேலையைச் செய்கிறது. 'ஷீ டோக்ட் டு எவ்ரிவன் இன் எ பிரெண்ட்லி வே.' சரியான வாக்கியம். 'வே' இருக்கும் இடத்தில் 'மேனர்' என்றும் எழுதலாம். அலுவலகக் கடிதங்களில் உரிய காலத்தில் என்பதற்கு 'இன் எ டைம்லி மேனர்' என்று வருவதைப் பெற்றோர்கள் கண்டிருப்பீர்கள். அதுவும் இதே வழிதான். 'டைம்லி' என்பது நேரம் என்ற பெயரிலிருந்து வந்த பெயரடை.

ஆனால் அந்த வாக்கியத்தை வாசித்துவிட்டு மாணவி முகம் சுளித்தார். "ஒபிஸ் லெட்டர் மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. விதிப்படி சரி, ஆனால் ஓர் உம்மும்மாவைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. "உம்மும்மா என்ன செய்வாங்க, அதைச் சொல்லுங்க" என்றேன். பால்காரர் வந்தாலும் ஒரு நல்ல வார்த்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்றார். அப்படியானால் வினையை விட்டுவிட்டுப் பெயரைப் பிடியுங்கள். 'ஷீ ஹேட் எ பிரெண்ட்லி வேர்ட் ஃபோ எவ்ரிவன்.' ஒவ்வொருவருக்கும் அவரிடம் ஓர் அன்பான வார்த்தை இருந்தது. 'பிரெண்ட்லி' என்ற சொல் அப்படியே இருக்கிறது, அதற்குச் சாய ஒரு பெயர்ச்சொல் கிடைத்துவிட்டது. ஆங்கிலம் பழகியவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். தோழமையாகச் சிரித்தார் என்பதை 'ஷீ கேவ் எ பிரெண்ட்லி ஸ்மைல்' என்று, தோழமையான சிரிப்பொன்றைத் தந்ததாக மாற்றிவிடுவார்கள்.

இரண்டாவது, அழகாக ஓதினார். இங்கே 'இன் எ லவ்லி வே' என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் சப்பென்று இருக்கும். வேறு சொல்லைத் தேடுவதே நல்லது. 'பியூட்டிஃபுல்' என்ற பெயரடைக்கு 'பியூட்டிஃபுலி' என்ற வினையடை தயாராக இருக்கிறது. மாணவி முதலில் 'லவிங்லி' என்று போட்டுப் பார்த்தார். பலர் விழும் குழி இது. 'லவிங்லி' என்றால் அன்போடு, பாசத்தோடு. 'லவ்லி' என்றால் அழகிய, இனிய. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது. பேரப்பிள்ளைக்குப் பாசத்தோடு சோறூட்டுவதை 'லவிங்லி' என்று சொல்லலாம். குரல் இனிமையாக இருந்தது என்பதை அப்படிச் சொல்ல முடியாது. உம்மும்மாவின் எது அழகு என்று கேட்டேன். குரல் என்றார். ஸுபஹு தொழுதுவிட்டு அவர் ஓதும் சத்தத்தில்தான் தான் கண் விழிப்பதாகச் சொன்னார். அப்படியே எழுதச் சொன்னேன். 'ஐ வோக் அப் டு ஹர் லவ்லி வொய்ஸ்.' அவருடைய இனிய குரலில் கண் விழித்தேன்.

வெள்ளை உடுப்பு வாக்கியத்தில் பிழை என்னுடையது. 'ஷீ லுக்ட் லவ்லி' முழுக்கச் சரியான ஆங்கிலம். வேகத்தில் 'லுக்ட்' என்ற வினைக்கு அடுத்து 'லவ்லி'யைக் கண்டதும் மற்ற மூன்றோடு சேர்த்து அதையும் வெட்டிவிட்டேன். 'லுக்' என்பதற்கு இங்கே பார்த்தல் என்று பொருள் இல்லை. காட்சியளித்தல், அப்படித் தோன்றுதல் என்று பொருள். உம்மும்மா எப்படிப் பார்த்தார் என்று வாக்கியம் சொல்லவில்லை. உம்மும்மா எப்படி இருந்தார் என்று சொல்கிறது. ஆகவே 'லவ்லி' சாய்வது வினையில் அல்ல, உம்மும்மாவில். 'ஸ்மெல்', 'சவுண்ட்', 'ஃபீல்', 'சீம்' போன்ற வினைகளும் இப்படித்தான். பூ மணக்கிறது, பாட்டு இனிமையாகக் கேட்கிறது என்னும்போது 'லவ்லி' அப்படியே வரலாம். வினை இருக்கும் இடத்தில் 'இஸ்' அல்லது 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'ஷீ வாஸ் லவ்லி' என்று பொருள் குலையாமல் நின்றால் பெயரடைதான் சரி. தமிழில் இங்கேயும் 'அழகாக இருந்தார்' என்று 'ஆக' வருகிறதே, அதுதான் எங்களை இன்னும் குழப்புகிறது. தமிழில் 'ஆக' வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் வினையடை வரும் என்று எண்ண வேண்டாம். கோட்டை அழித்து, பக்கத்தில் சரி அடையாளம் போட்டு, என் கையெழுத்தையும் வைத்துக் கொடுத்தேன்.

இடையில் அவர் இன்னொன்று கேட்டார். "அப்ப 'டெய்லி ஓதுவாங்க' எண்டு எழுதினதை ஏன் வெட்டல்ல?" நல்ல கேள்வி. 'டே' பெயர்ச்சொல்தான், 'டெய்லி' பெயரடைதான். ஆனால் காலத்தைக் குறிக்கும் 'டெய்லி', 'வீக்லி', 'மன்த்லி', 'இயர்லி', அவற்றோடு சீக்கிரம் என்ற பொருள்கொண்ட 'ஏர்லி', இவை எந்த மாற்றமும் இல்லாமல் இரண்டு பக்கமும் நிற்கும். தினசரித் தொழுகை என்றாலும் 'டெய்லி', தினமும் ஓதுவார் என்றாலும் 'டெய்லி'. லீவுக் கடிதத்தில் பெற்றோர்கள் எழுதும் 'கைன்ட்லி'யும் இரண்டு பக்கமும் நிற்கக்கூடியதுதான். 'கைன்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்பதில் தயவுசெய்து என்ற வினையடை. கருணை முகம் கொண்ட வயதான ஒருவரை 'எ கைன்ட்லி ஓல்ட் லேடி' என்றால் பெயரடை.

கடைசியாக 'ஷீ லைவ்ட் லோன்லி' மிஞ்சியது. தனியாக வாழ்ந்தார் என்பதற்கு 'அலோன்' என்ற சொல் இருக்கிறது. அது வினையடையாகவும் வரும். 'ஷீ லைவ்ட் அலோன்' என்று மாற்றினால் இலக்கணச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் பொருள் மாறும். 'அலோன்' என்றால் பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். 'லோன்லி' என்றால் ஆள் இல்லாத ஏக்கம். தனியாக இருப்பவர் எல்லோரும் தனிமையில் வாடுபவர் அல்லர். ஆள் நிறைந்த வீட்டிலும் ஒருவர் 'லோன்லி'யாக இருக்கலாம். "உங்கட உம்மும்மா எது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா மௌத்தான பிறகு அவங்க தனியத்தான் இருந்தாங்க. ஆனா நாங்க எல்லாரும் மாறி மாறிப் போவோம் டீச்சர். வெள்ளிக்கிழமை எண்டா வீடு நிறைய ஆள். கவலையா இருக்கல்ல" என்றார்.

அப்படியானால் அவர் எழுதியது தான் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிர். 'லி' ஈற்றை மட்டும் திருத்தி அனுப்பியிருந்தால், என் சிவப்புப் பேனை அந்த எதிர்ப் பொருளையும் இலக்கண சுத்தமாக்கித் தந்திருக்கும். அவரே பேனையை எடுத்து எழுதினார். 'ஷீ லைவ்ட் அலோன், பட் ஷீ வாஸ் நெவர் லோன்லி.' வினையோடு 'அலோன்', 'வாஸ்' என்பதோடு 'லோன்லி', இரண்டும் தத்தம் இடத்தில். கொப்பியை மூடுமுன் அந்த வரியை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு, வீட்டில் உம்மாவுக்கும் வாசித்துக் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.